மணிக்கு 65 டாலர் என்றால் மாதத்துக்கு எவ்வளவு?

அமெரிக்கத் தகவல் தொழில்நுட்பத் துறையில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர்கள் மாதச் சம்பளமோ ஆண்டுச் சம்பளமோ சொல்வதில்லை. மணிக்கு இத்தனை டாலர் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். அந்தத் தொழில் நடக்கும் விதமே அப்படி. வேலை வாங்கும் கிளையண்ட் நிறுவனம், ஆள் அனுப்பும் ஏஜென்சிக்கு மணிக்கணக்கில் பணம் கொடுக்கிறது. ஏஜென்சி தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஊழியருக்கு மணிக்கணக்கிலேயே தருகிறது. நிரந்தர வேலையில் இருப்பவருக்கோ ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், இரண்டையும் ஒரே மாதத் தொகையாக மாற்றியாக வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்ளலாம். டெக்சாஸ் மாநிலம் டாலஸில் மனைவி, குழந்தைகளோடு வசிக்கும் மென்பொருள் பொறியாளர் ஒருவர். நிரந்தர வேலையில் ஆண்டுக்கு 1,15,000 டாலர் வாங்குகிறார். ஆண்டுக்கு 15 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு, 10 பொது விடுமுறை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியச் சேமிப்பான 401(கே) கணக்கில் சம்பளத்தில் 4 சதவீதம் கம்பெனியின் பங்கு ஆகியவை அவருக்கு உண்டு. ஒரு ரெக்ரூட்டர் அழைத்து, "12 மாத ஒப்பந்தம், டபிள்யூ-2, மணிக்கு 65 டாலர், ஆண்டுக்கு 1,35,000க்கு மேல் வரும்" என்கிறார். ஆண்டுக்கு 20,000 டாலர் கூடுதல் போலத் தெரிகிறது. உண்மையில் கூடுதலா?

ரெக்ரூட்டர் செய்தது ஒற்றைப் பெருக்கல். வாரம் 40 மணி, ஆண்டுக்கு 52 வாரம், ஆக 2,080 மணி. அதை 65ஆல் பெருக்கினால் 1,35,200 டாலர். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 11,267. இந்த 2,080 அமெரிக்காவில் எல்லாரும் பயன்படுத்தும் எண். துல்லியம் பார்ப்பவர்கள் அதிலும் சிறு பிழை காண்பார்கள். ஆண்டு என்பது சரியாக 52 வாரம் அல்ல என்பதால், அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களின் ஆண்டுச் சம்பளத்தை மணிக்கணக்காக மாற்ற 2,087ஆல் வகுக்கிறது. அந்த ஏழு மணி நேரத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. 2,080இல் உள்ள பெரிய பிழை வேறு: அது ஓர் ஆண்டில் வேலை நாள்களில் இருக்கும் மணிகளின் எண்ணிக்கை. ஒப்பந்த ஊழியருக்குச் சம்பளம் கிடைக்கும் மணிகளின் எண்ணிக்கை அல்ல.

நிரந்தர ஊழியருக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அவர் தீபாவளிக்கு லீவு போட்டாலும், காய்ச்சலில் படுத்தாலும், கிறிஸ்துமஸுக்கு அலுவலகம் மூடியிருந்தாலும் சம்பளம் வந்துவிடும். ஒப்பந்த ஊழியரின் டைம்ஷீட்டில் அந்த நாள்கள் வெற்றாக இருக்கும். வெற்று நாளுக்குக் காசு கிடையாது. தனியார் முதலாளிகள் விடுமுறை நாளுக்கோ விடுப்புக்கோ சம்பளம் தர வேண்டும் என்று அமெரிக்காவில் மத்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சில மாநிலங்களில் நோய் விடுப்புக்குச் சட்டம் உண்டு. டெக்சாஸில் மாநிலம் முழுமைக்கும் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே முதல் வேலை, நாள்களை எண்ணுவது. ஆண்டுக்கு 260 வேலை நாள்கள். பொது விடுமுறை 10 போகும். நிரந்தர வேலையில் எடுத்துவந்த அதே 15 நாள் விடுப்பையும் கழிக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு வந்தால் லீவே எடுக்கமாட்டேன் என்று சொல்வது ஒப்பீட்டைக் கெடுக்கும். ஒரு பக்கம் ஊருக்குப் போய்வந்த ஆண்டு, இன்னொரு பக்கம் போகாத ஆண்டு என்றால், தொகை கூடுவது வேலை நல்லது என்பதால் அல்ல, கூடுதல் நாள் உழைத்ததால். மிச்சம் 235 நாள், 1,880 மணி. 65ஆல் பெருக்கினால் 1,22,200 டாலர், மாதம் 10,183. ரெக்ரூட்டரின் கணக்கில் மாதம் ஆயிரம் டாலருக்கு மேல் இங்கேயே கரைந்துவிட்டது.

இங்கே வேடிக்கையான ஒரு விஷயம் உண்டு. பலர் மாதத்துக்கு நான்கு வாரம் என்று வைத்து, 65ஐ 160ஆல் பெருக்கி மாதம் 10,400 என்று சொல்வார்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்றால் ஆண்டுக்கு 48 வாரம்தான் ஆகிறது, நான்கு வாரத்தை விட்டுவிட்டீர்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். திருத்தம் சரிதான். ஆனால் விட்டுப்போன அந்த நான்கு வாரம் கிட்டத்தட்டச் சம்பளம் இல்லாத நாள்களுக்குச் சமமாக இருப்பதால், இந்தத் தப்பான குறுக்குவழி 2,080ஐவிட உண்மைக்கு நெருக்கமாக வந்துவிடுகிறது.

மாதம் 10,183 என்பதும் சராசரிதான். கையில் வரும் தொகை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். 2026ஆம் ஆண்டு ஜூலையில் 23 வார நாள்கள். சுதந்திர தினம் சனிக்கிழமை வருவதால் 3ஆம் தேதி வெள்ளி விடுமுறை. மிச்சம் 22 நாள், 176 மணி, 11,440 டாலர். அதே ஆண்டு நவம்பரில் 21 வார நாள்கள். தேங்க்ஸ்கிவிங் வியாழனும் மறுநாள் வெள்ளியும் போனால் 19 நாள், 9,880 டாலர். டிசம்பரில் 23 வார நாள்கள் இருந்தும், கிளையண்ட் நிறுவனம் 24ஆம் தேதி முதல் ஆண்டு முடிவு வரை மூடிவிட்டால் 17 நாள்தான் மிஞ்சும். அந்த மாத வருமானம் 8,840. வீட்டுக்கடன் தவணையும் வாடகையும் டிசம்பருக்காகக் குறையாது. இப்படி ஆண்டு இறுதியில் ஒப்பந்த ஊழியர்களைச் சம்பளம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் உண்டு. இதை ரெக்ரூட்டர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, ஒப்பந்தம் முடிந்து அடுத்த ஒப்பந்தம் கிடைக்கும் வரையிலான இடைவெளி. 12 மாதம் என்று எழுதியிருந்தாலும் கிளையண்ட் நினைத்தால் இரண்டு வாரத்தில் நிறுத்தலாம், சில இடங்களில் அன்றைக்கே நிறுத்தலாம். இந்த இடைவெளியை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பூச்சியம் என்று வைப்பதும் ஓர் ஊகம்தான், அதுவும் மிக மோசமான ஊகம். ஆண்டுக்கு மூன்று வாரம் என்று வைத்தால் இன்னும் 15 நாள் போகும். மிச்சம் 220 நாள், 1,760 மணி, 1,14,400 டாலர், மாதம் 9,533. நிரந்தர வேலையும் போகக்கூடியதுதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நிரந்தர வேலை எப்போதாவது போகலாம், ஒப்பந்தம் முடிவுத் தேதியோடுதான் தொடங்குகிறது. அந்த வித்தியாசத்துக்குத்தான் இந்த மூன்று வாரம். நீட்டிப்புக்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தால் இதைக் குறைத்துக்கொள்ளலாம், ஆறு மாத ஒப்பந்தம் என்றால் கூட்ட வேண்டும்.

இப்போது நிரந்தர வேலையின் பக்கம். 1,15,000 டாலரைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,583. இந்த எண்ணை மட்டும் 10,183உடன் ஒப்பிட்டுவிட்டு, பரவாயில்லை என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். ஆனால் நிரந்தர வேலையில் சம்பளச் சீட்டில் தெரியாத இரண்டு தொகைகள் இருக்கின்றன.

பெரியது மருத்துவக் காப்பீடு. கேஎஃப்எஃப் என்ற அமைப்பு ஆண்டுதோறும் முதலாளிகளிடம் எடுக்கும் கணக்கின்படி, 2024இல் நிறுவனம் வழியாகப் பெறும் குடும்பக் காப்பீட்டின் சராசரி ஆண்டு பிரீமியம் 25,572 டாலர். அதில் ஊழியர் தன் சம்பளத்திலிருந்து கட்டியது சராசரியாக 6,296 டாலர். மீதி 19,276 டாலரை நிறுவனம் கட்டுகிறது. மாதத்துக்கு 1,606 டாலர். ஊழியர் தன் சம்பளத்தில் பிடிக்கும் 525 டாலரைத்தான் பார்க்கிறார், அதுதான் காப்பீட்டின் விலை என்று நினைத்துக்கொள்கிறார். ஏஜென்சிகளும் காப்பீடு தருவதாகச் சொல்லும். அதில் ஏஜென்சியின் பங்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. முழுப் பிரீமியமும் ஊழியர் தலையிலேயே விழும் திட்டங்கள் உண்டு. அப்போது 525 கட்டிவந்தவர் 2,131 கட்ட வேண்டும். வெளிச்சந்தையில் தனியாக வாங்கினால், பெரும்பாலும் வரி பிடித்த பிறகு கையில் வரும் பணத்திலிருந்து கட்ட வேண்டியிருப்பதால், உண்மையான இழப்பு இதைவிடவும் கூடும். ஆண்டு நடுவில் திட்டம் மாறினால் இன்னொரு நட்டமும் உண்டு. காப்பீடு பணம் கொடுக்கத் தொடங்குமுன் நோயாளியே கட்ட வேண்டிய டிடக்டபிள் தொகை மறுபடி பூச்சியத்திலிருந்து தொடங்கும்.

இரண்டாவது, 401(கே) கணக்கில் கம்பெனி போடும் பங்கு. 4 சதவீதம் என்றால் 4,600 டாலர், மாதம் 383. ஊழியர் தன் பங்கைப் போட்டால்தான் கம்பெனி தன் பங்கைப் போடும் என்பதால், போடாதவர்கள் இதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. போனஸும் பங்குகளும் கிடைப்பவர்கள் கடந்த ஆண்டுகளில் உண்மையில் கைக்கு வந்த தொகையைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆஃபர் கடிதத்தில் எழுதியிருந்த தொகையை அல்ல.

மூன்றையும் கூட்டினால் 1,38,876 டாலர், மாதம் 11,573. இதுதான் அந்தப் பொறியாளர் இப்போது வாங்கும் சம்பளத்தின் உண்மை மதிப்பு. 65 டாலர் ஒப்பந்தம் தருவது 10,183, இடைவெளியைக் கணக்கில் எடுத்தால் 9,533. ஆண்டுக்கு 20,000 டாலர் கூடுதல் என்று தோன்றிய வேலை, மாதம் 1,400 முதல் 2,000 டாலர் வரை குறைவான வேலை.

வருமான வரியை இந்தக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. டபிள்யூ-2 என்பது முதலாளி ஊழியருக்குத் தரும் ஆண்டு வருமானப் படிவத்தின் பெயர். அந்த முறையில் ஒப்பந்த ஊழியரும் ஏஜென்சியின் சம்பள ஊழியர்தான். வரி பிடிக்கும் விதம் இரண்டு பக்கமும் ஒன்றே. ஆகவே வரிக்கு முந்தைய தொகைகளையே ஒப்பிடலாம்.

பேரம் பேசும்போது மாதத் தொகை உதவாது. ரெக்ரூட்டரிடம் மணிக்கணக்கில்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும். நிரந்தர வேலையின் முழு மதிப்பை, சம்பளம் கிடைக்கும் மணிகளால் வகுக்க வேண்டும். 1,38,876ஐ 1,880ஆல் வகுத்தால் 73.87. இடைவெளியையும் சேர்த்து 1,760ஆல் வகுத்தால் 78.91. ஆக, அந்தப் பொறியாளர் இப்போதைய நிலையில் அப்படியே நிற்பதற்கே மணிக்கு 74 முதல் 79 டாலர் வேண்டும். வேலை மாறுவதால் ஏதாவது லாபம் வேண்டுமென்றால் அதற்கு மேல்தான் கேட்க வேண்டும்.

அதே 65 டாலர் இன்னொரு குடும்பத்துக்குச் சரியாகவே இருக்கலாம். மனைவி வேறொரு நிறுவனத்தில் வேலை பார்த்து, முழுக் குடும்பத்துக்கும் அங்கேயே காப்பீடு இருந்தால் 19,276 டாலர் கணக்கிலேயே வராது. அப்போது நிரந்தர வேலையின் மதிப்பு 1,19,600 டாலர். 1,880ஆல் வகுத்தால் 63.62, 1,760ஆல் வகுத்தால் 67.95. நடுவில் 65 உட்கார்ந்திருக்கிறது. ஒப்பந்தம் நீடிக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் ஏற்கலாம், இல்லையென்றால் இன்னும் மூன்று டாலர் கேட்கலாம். நண்பர் ஒருவர் 65க்குச் சம்மதித்தார் என்பதை வைத்து முடிவெடுக்க முடியாததன் காரணம் இதுதான். அவர் வீட்டுக் காப்பீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஒப்பந்தத்துக்குச் சாதகமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நிரந்தர வேலையில் வாரம் 40 மணி என்பது பெயரளவில்தான். 45 மணி உழைப்பவருக்கு அந்த ஐந்து மணிக்குத் தனியாக எதுவும் கிடைக்காது. ஒப்பந்தத்தில் அது காசு. 47 வாரத்துக்கு 235 மணி சேரும். சம்பள மணிகள் 1,880இலிருந்து 2,115 ஆகும். 1,38,876ஐ 2,115ஆல் வகுத்தால் 65.66. அதாவது இப்போது வாரம் 45 மணி உழைத்துக்கொண்டிருப்பவருக்கு, இடைவெளி எதுவும் வராது என்றும் வைத்துக்கொண்டால், 65 டாலர் கிட்டத்தட்டச் சமமான ஆஃபர்தான். நிபந்தனை ஒன்று: அந்த 45 மணியையும் டைம்ஷீட்டில் எழுத கிளையண்ட் மேலாளர் அனுமதிக்க வேண்டும். 40க்கு மேல் எழுதாதே என்பதுதான் பல இடங்களில் விதி. கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. மென்பொருள் உருவாக்கம் போன்ற கணினி வேலை செய்பவருக்கு மணிக்கு 27.63 டாலருக்குக் குறையாமல் கிடைத்தால், மத்தியச் சட்டப்படி ஒன்றரை மடங்கு கட்டாயம் இல்லை. கூடுதல் மணிக்கும் அதே 65தான். கலிஃபோர்னியாவில் இந்த வரம்பு இதைவிட மிக உயரம்.

இவ்வளவு கணக்கும் ரெக்ரூட்டரிடம் கேட்டுப் பெறும் சில பதில்களைச் சார்ந்தது. வாரத்துக்கு 40 மணியா, 37.5 மணியா? 37.5 என்றால் எல்லா எண்களும் பதினாறில் ஒரு பங்கு குறையும். விடுமுறை நாள்களில் எதற்காவது சம்பளம் உண்டா? கிளையண்ட் ஆண்டு இறுதியில் மூடுகிறதா? குடும்பக் காப்பீட்டுக்கு ஊழியர் மாதம் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, எந்தத் தேதியிலிருந்து காப்பீடு தொடங்கும்? சொன்ன ரேட், சலுகைகளோடு சேர்ந்ததா, சலுகைகள் இல்லாததா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம், ஏனென்றால் பல ஏஜென்சிகள் இரண்டு ரேட் வைத்திருக்கும், தொலைபேசியில் உயர்ந்ததைத்தான் சொல்லும். காப்பீடு வேண்டும் என்றதும் ரேட் சில டாலர் இறங்கும். பதில்களை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. நல்ல காப்பீடு, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் பதில் வந்தால், ஏஜென்சியின் பங்கு பூச்சியம் என்றே வைத்துக் கணக்குப் போட வேண்டும்.

ரேட்டைக் கூட்டிக் கேட்டதும், "1099 முறையில் வந்தால் 75 தருகிறோம்" என்று சில ரெக்ரூட்டர்கள் சொல்வார்கள். அது உயர்வு போலத் தெரியும். 1099இல் வேலை செய்பவர் யாருடைய ஊழியரும் அல்ல, தனியாகத் தொழில் செய்பவர். சமூகப் பாதுகாப்புக்கும் மெடிகேருக்குமாக ஊழியர் 7.65 சதவீதம் கட்ட, முதலாளி இன்னொரு 7.65 சதவீதம் கட்டுவது வழக்கமான முறை. 1099இல் இரண்டு பங்கும் அவருடையதே, மொத்தம் 15.3 சதவீதம். அதில் பாதியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால் சுமை கொஞ்சம் குறையும். வேலை போனால் கிடைக்கும் உதவித்தொகை பொதுவாக இல்லை. காலாண்டுக்கு ஒருமுறை வரியைத் தானே கணித்துக் கட்ட வேண்டும், கணக்கர் செலவும் உண்டு. தோராயமாக, டபிள்யூ-2இல் 79 டாலர் தேவைப்பட்டவருக்கு 1099இல் 85க்குக் குறையாமல் வேண்டும். எனவே 1099இல் 75 என்பது டபிள்யூ-2இல் சுமார் 70. பத்து டாலர் கூட்டியதாகச் சொல்லி ஐந்துதான் கூட்டியிருக்கிறார்கள்.

தமிழர்கள் பலர் இருக்கும் எச்-1பி விசாவில் கணக்கு இரண்டு இடங்களில் மாறுகிறது. வேலை இல்லாத நாள்களில், பேச்சுவழக்கில் பெஞ்சில் இருக்கும் நாள்களில், எச்-1பி ஊழியருக்கு விண்ணப்பத்தில் சொன்ன சம்பளத்தை முதலாளி தொடர்ந்து தந்தாக வேண்டும் என்பது சட்டம். ஊழியர் தன் சொந்தக் காரணத்துக்காக விடுப்பு கேட்டால் மட்டும் விலக்கு. ஆகவே விசாவை எடுத்த ஏஜென்சி அவரை முறைப்படி வேலையிலிருந்து நீக்காத வரை மூன்று வார இடைவெளியைக் கழிக்க வேண்டியதில்லை. பெஞ்சுக்குச் சம்பளம் இல்லை என்று முதலிலேயே சொல்லும் ஏஜென்சி, சட்டத்தை மீறப்போவதாகவே சொல்கிறது. இரண்டாவது, எச்-1பியில் இருப்பவர் தன் விசாவுக்கு விண்ணப்பித்த முதலாளியின் ஊழியராகத்தான் வேலை செய்ய முடியும். தனித் தொழிலாளியாக 1099இல் வேலை செய்ய அனுமதி இல்லை. அவருக்கு 1099 ரேட் எவ்வளவு உயர்வாகச் சொல்லப்பட்டாலும் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கவே தேவையில்லை.